ஸ்தலத்தில் எழுதிய துண்டுக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்: விபத்து வழக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டக் காவல் நிலையங்களில் விபத்து வழக்கு பார்க்கும் உதவி ஆய்வாளர்களுக்கும், எஸ்.எஸ்.ஐ.களுக்கும், எல்லாருக்கும் முன்னால் ஸ்தலத்தில் போய் நிற்கிற ரோந்துக் காவலர்களுக்கும்,

வணக்கம். நான் இந்த மாவட்டத்தில் நிலைய எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்தலத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரும், அதோடு வைக்கும் மாதிரி வரைபடமும் எப்படி உருவாகின்றன, அவை கோர்ட்டில் என்ன பாடுபடுகின்றன என்று இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் வேலைப் பளு எனக்குத் தெரியும். பந்தோபஸ்து முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போதுதான் வயர்லெஸ் மைக்கில் விபத்து என்று கூப்பிடுவார்கள். ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்தலத்தில் இருக்கும்போதே, அல்லது அங்கிருந்து கிளம்பும் முன் ஜீப்பில் உட்கார்ந்தபடியே, நேரம் போட்டு நாலு வரி குறிப்பும் ஒரு கைப்படமும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தை வழக்கு நாட்குறிப்பான சி.டி. ஃபைலிலேயே வையுங்கள். இவ்வளவுதான் கோரிக்கை. எதை எழுதுவது, எப்படி அளப்பது, எங்கே சறுக்கும் என்பதைச் சொல்லத்தான் இந்த நீளமான மடல்.

பொதுவாக நடப்பது என்ன? காவலர் ஸ்தலத்துக்குப் போகிறார், அடிபட்டவரை அனுப்புகிறார், கூட்டத்தை விலக்குகிறார், வண்டிகளை ஓரம் கட்டுகிறார். மறுநாள் புகார் வருகிறது, எஃப்.ஐ.ஆர். போடப்படுகிறது. அப்புறம் விசாரணை அதிகாரியான ஐ.ஓ. ஸ்தலத்துக்குப் போகிறார், அங்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ஸ்டேஷனில் பழைய மகஜர் ஒன்று மாதிரிக்கு இருக்கும். "ஸ்தலமானது கிழக்கு மேற்காகச் செல்லும் தார் ரோடு" என்று தொடங்கி, ஊர்ப் பெயரையும் வண்டி நம்பரையும் மாற்றினால் முடிந்தது. இப்படிச் செய்த ஃபைலைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். நேரமெல்லாம் 9.00, 9.30, 10.00 என்று வட்டமாக இருக்கும். படத்தில் ரோட்டின் நட்ட நடுவே ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் "சம்பவ இடம்" என்று எழுத்து, ஒரு அளவுகூட இருக்காது. மகஜரில் தெருவிளக்கு வெளிச்சம் உண்டு என்றிருக்கும், அதே ஃபைலில் உள்ள போட்டோவில் சுற்றிலும் கும்மிருட்டாக இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? "நீங்கள் ஸ்தலத்துக்குப் போகாமலே ஸ்டேஷனில் உட்கார்ந்து இதைத் தயாரித்தீர்கள் என்று சொன்னால்?" என்பார். "சரியல்ல" என்று நாம் சொல்வோம். அந்தச் "சரியல்ல" சாட்சியத்தில் பதிவாகும், ஆனால் அதற்குப் பின்னால் காட்ட ஒன்றும் இருக்காது.

ஒரு உதாரணத்தை முழுசாக எடுத்துக்கொள்வோம், நம் ஊருக்கே உரிய விபத்து. கரும்பு வெட்டுக் காலம். நெல்லிக்குப்பம் பக்கம் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர், ரோட்டோரம் இருட்டில் நிற்கிறது. பின்னால் வந்த பைக் டிரெய்லரில் மோதுகிறது. ஓட்டி வந்த இளைஞர் உயிர் பிழைக்கவில்லை. டிராக்டர் டிரைவர், "டயர் பஞ்சர், நான் மண் ஓரத்தில்தான் நிறுத்தியிருந்தேன், அந்தப் பையன்தான் கண்மண் தெரியாமல் வந்து மோதினான்" என்கிறார். பையனின் உறவினர்கள், "நடு ரோட்டில் லைட் இல்லாமல் நிறுத்தி வைத்தான்" என்கிறார்கள். இந்த வழக்கு முழுவதும் இரண்டு மூன்று கேள்வியில் நிற்கிறது: டிரெய்லர் தாரின் மேல் எவ்வளவு இருந்தது? பின்னால் வெளிச்சமோ ரிஃப்ளெக்டரோ இருந்ததா? பைக் பிரேக் போட்டதா? குற்ற வழக்கிலும் இதுதான் கேள்வி, இழப்பீட்டு வழக்கிலும் இதுதான் கேள்வி. இறந்தவர் மீதும் தவறு உண்டு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், குடும்பத்துக்கு வரும் தொகையில் அந்த விகிதம் அப்படியே கழிந்துவிடும். அந்த அம்மாவின் கையில் சேரும் பணம், தார் விளிம்பிலிருந்து டிரெய்லர் சக்கரம் எத்தனை தூரத்தில் நின்றது என்பதைப் பொறுத்தது. அது அன்றிரவு அங்கே நின்ற உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில், அடிபட்டவரைத் தூக்கி அனுப்பும் வரை பேனாவை எடுக்கக் கூடாது. அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் ஆம்புலன்ஸ் கதவு சாத்தியதும் முதல் வேலை செல்போனில் மணி பார்த்து எழுதுவது. காவலரின் பாக்கெட் நோட்டில் இப்படி இருந்தால் போதும்:

"இரவு 9.42 மைக்கில் தகவல். 9.58 ஸ்தலம் (என் செல்போன் மணி). 108 கிளம்பிக்கொண்டிருந்தது. டிரெய்லர் நகர்த்தப்படவில்லை, பார்த்தேன். பைக் தெற்கு ஓரம் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. விழுந்து கிடந்த இடத்திலிருந்து நகர்த்தியதாக டீக்கடையில் இருந்த ஒருவர் சொன்னார், இடத்தையும் காட்டினார், கேட்டது. தெருவிளக்கு இல்லை. மழை இல்லை, ரோடு காய்ந்திருக்கிறது. டிரெய்லர் பின்பக்கம் விளக்கு இல்லை. இடது மூலையில் சிவப்பு ஸ்டிக்கர், மேலே சேறு. வலது மூலையில் ஸ்டிக்கர் இல்லை. 10.04 போட்டோ. 10.10 டேப். 10.35 டிராக்டரை நகர்த்தினோம்."

இலக்கணம் வேண்டாம், அழகு வேண்டாம். ஆனால் இரண்டு சொல்லை மட்டும் விடாதீர்கள்: "பார்த்தது", "கேட்டது". ஒவ்வொரு வரியிலும் இது நீங்களே கண்ணால் கண்டதா, யாரோ சொன்னதா என்று தெரிய வேண்டும். இது சட்டத்தில் ஊன்றி நிற்கிற விஷயம். 1960களின் தொடக்கத்தில் வந்த தோரி சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விசாரணை அதிகாரி தானே பார்த்ததை வைத்து வரைபடத்தில் போட்ட குறி சாட்சியமாக நிற்கும். சாட்சிகள் சொன்னதைக் கேட்டுப் போட்ட குறி, போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் போலத்தான், அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் உதாரணத்தில் டிரெய்லர் நின்ற இடம் நீங்கள் பார்த்தது. பைக் விழுந்த இடம் டீக்கடையில் ஒருவர் காட்டியது. இரண்டையும் ஒரே மாதிரி குறி போட்டு வரைந்தால், நல்ல குறியும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். பார்த்ததை முழுக் கோட்டாகவும் கேட்டதைப் புள்ளிக் கோட்டாகவும் போட்டு, ஓரத்தில் அதை எழுதிவிடுங்கள்.

டீக்கடையில் இருந்த அந்த மனிதர் பெயர் சொல்ல விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134A என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. விபத்தில் உதவிக்கு வந்தவரை அலைக்கழிக்கக் கூடாது, பெயர் விலாசம் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது. "உதவி செய்த ஒருவர், பெயர் கொடுக்க விரும்பவில்லை" என்று எழுதினாலே குறிப்பு நேர்மையாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் ஏன் அன்றைக்கே எழுத வேண்டும், மறுநாள் யோசித்து எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்தலமும் நிற்காது, நினைவும் நிற்காது என்பதுதான் காரணம். கண்ணாடித் துண்டைக் கடைக்காரர்களே பெருக்கித் தள்ளிவிடுவார்கள். டயர் தடத்தின் மேல் பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகும், ஒரு மழை போதும். நினைவு வேறு விதமாகப் போகும், அது அழிவதைவிட மாறிப் போவதுதான் அதிகம். 1974ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினரிடம் கார்கள் மோதியபோது என்ன வேகம் என்று கேட்டார்கள், இன்னொரு பகுதியினரிடம் நொறுங்க மோதியபோது என்ன வேகம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ஆனாலும் சாதாரணமாகக் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரும், கடுமையான சொல்லால் கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேரும் பார்த்தேன் என்றார்கள். கேள்வியில் ஒரு சொல் மாறினதற்கே இப்படி. நீங்களோ ஸ்தலத்தில் அரை மணி நேரம் கூட்டத்தின் பேச்சைக் கேட்டு, ஆஸ்பத்திரியில் உறவினர்களின் அழுகையைக் கேட்டு, ஸ்டேஷனில் டிரைவர் சொல்வதையும் கேட்டுவிட்டு எழுத உட்காருகிறீர்கள். யாருடைய சொல் எங்கே உங்கள் நினைவுக்குள் நுழைந்தது என்று உங்களுக்கே தெரியாது. அதனால்தான் டிரைவரிடம் பேசுவதற்கு முன்னாலேயே பார்த்ததை எழுதிவிடுங்கள் என்கிறேன்.

சரி, படத்துக்கு வருவோம். இதில்தான் அதிகம் சறுக்குகிறோம்.

மாதிரி வரைபடம் அழகாக இருக்க வேண்டியதில்லை, அளவுக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டியதில்லை. "அளவு விகிதப்படி வரையப்படவில்லை" என்று கீழே எழுதிவிட்டு, எண்களை மட்டும் சரியாகப் போட்டால் போதும். ஆனால் இரண்டு விஷயம் இல்லாத படம் எதற்கும் உதவாது: வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி, நாளைக்கும் அங்கேயே இருக்கப்போகிற ஒரு நிலையான புள்ளி. நிலையான புள்ளி என்றால் நம்பர் எழுதிய மின் கம்பம், சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர், கிலோமீட்டர் கல், கட்டடத்தின் மூலை. தள்ளுவண்டி டிபன் கடை, நிற்கிற லாரி, வேலி முள் இதெல்லாம் புள்ளி அல்ல. அதுவும் ஒன்று போதாது, இரண்டு எடுங்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் மின் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, புதுக் கம்பம் பழைய இடத்திலேயேதான் நடப்பட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதற்கு முந்தைய விபத்துக்கு ஒற்றைக் கம்பத்திலிருந்து மட்டும் அளவு எடுத்தவர்கள், பிறகு கோர்ட்டில் எதைக் காட்டுவது? ரோடு அகலப்படுத்தும் வேலை வந்தால் கிலோமீட்டர் கல்லும் போய்விடும். அதனால் ஒரு கம்பம், ஒரு பாலச் சுவர் என்று இரண்டு வேறு வகையாக எடுத்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தையும் எழுதிவிட்டால், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும்.

அளக்கும் முறை சுலபம். நம் உதாரணத்தில் ரோடு கிழக்கு மேற்கு. டிராக்டர் மேற்கே பார்த்து நிற்கிறது, ஆகவே அது தெற்கு ஓரம். தாரின் தெற்கு விளிம்பை அடிக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த விளிம்பில், மின் கம்பத்துக்கு நேரே உள்ள இடம் பூஜ்யம். எந்தப் பொருளுக்கும் இரண்டு எண் வேண்டும்: பூஜ்யத்திலிருந்து விளிம்பு வழியாகவே எத்தனை மீட்டர், அங்கிருந்து செங்குத்தாக உள்ளேயோ வெளியேயோ எத்தனை மீட்டர்.

தார் ரோட்டின் அகலம் 7 மீட்டர். டிரெய்லரின் இடது பின் சக்கரம் கம்பத்திலிருந்து மேற்கே 12.4 மீட்டர், விளிம்புக்கு வெளியே மண்ணில் 0.6 மீட்டர். வலது பின் சக்கரம் 12.0 மீட்டர், விளிம்புக்கு உள்ளே தாரில் 1.5 மீட்டர். டயர் தேய்ந்த தடம் 3.2 மீட்டரில் தொடங்குகிறது, உள்ளே 1.2 மீட்டர். முடிவது 11.6 மீட்டரில், உள்ளே 1.1 மீட்டர்.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று கொஞ்சம் நின்று பாருங்கள். "மண் ஓரத்தில்தான் நிறுத்தினேன்" என்ற பேச்சு பாதி உண்மை. ஒரு சக்கரம் மண்ணில், இன்னொரு சக்கரம் தாருக்குள் ஒன்றரை மீட்டர். அந்தப் பக்கத்துப் பாதி ரோடு மூன்றரை மீட்டர், அதில் பைக்குக்கு மிச்சம் இருந்தது இரண்டு மீட்டர். "நடு ரோட்டில் நின்றது" என்பதும் முழு உண்மை அல்ல. பைக் பிரேக் போடவே இல்லை என்று யாராவது சொன்னால், 8.4 மீட்டர் நீளத் தடம் பதில் சொல்லும். இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பின் சக்கரமும் ஒரே தூரத்தில் இல்லை, வலது சக்கரம் 40 சென்டிமீட்டர் கிழக்கே, அதாவது பின்னால் இருக்கிறது. டிரெய்லர் ரோட்டுக்கு இணையாக இல்லாமல், முகம் ரோட்டின் உள்பக்கமாகக் கொஞ்சம் திரும்பி நின்றிருக்கிறது என்று அர்த்தம். பஞ்சருக்காக ஓரம் ஒதுங்கிய வண்டி பெரும்பாலும் முகத்தை மண் பக்கம் வைத்துத்தான் நிற்கும். அப்படியானால் இது நின்றுகொண்டிருந்ததா, ரோட்டில் ஏறக் கிளம்பிக்கொண்டிருந்ததா? இந்தக் கேள்வியை எழுப்பியது ஒரே ஒரு கூடுதல் அளவு. வண்டியின் ஒரு புள்ளியை மட்டும் அளந்தால் அது எங்கே நின்றது என்று தெரியும், எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்று தெரியாது. அதனால் எந்த வண்டிக்கும் இரண்டு சக்கரத்தை அளந்துவிடுங்கள். தடத்துக்கும் அப்படியே, தொடக்கமும் முடிவும்.

ஆனால் குறிப்பில் பதில் எழுதக் கூடாது. "டிராக்டர் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது" என்று நீங்கள் எழுதினால் அது பார்த்தது அல்ல, ஊகம். சக்கரத்தின் அளவை எழுதுங்கள், பஞ்சரான டயர் எது என்று பார்த்து எழுதுங்கள், ஜாக்கி போட்ட தடம் மண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் "ஜாக்கி தடம் தேடினேன், இல்லை" என்றே எழுதுங்கள். தேடி இல்லாததை எழுதி வைப்பது ரொம்ப முக்கியம், எழுதாவிட்டால் தேடவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வேகத்தையும் எழுதாதீர்கள். தடத்தின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும், மோதுவதற்கு முன் பிரேக்கில் குறைந்த வேகம்தான் வரும், மோதும்போது மிச்சம் இருந்த வேகம் அதில் வராது. ரோடு, டயர், பிரேக் போட்டது முன் சக்கரமா பின் சக்கரமா என்று எத்தனையோ அதற்குள் இருக்கின்றன. அது நிபுணர்களின் வேலை. அவர்களுக்குத் தேவையான எண்ணைக் கொடுப்பதுதான் நம் வேலை.

டேப் இல்லை என்பீர்கள். உண்மைதான், எத்தனையோ ரோந்து வண்டியில் இருக்காது. அப்போது நடந்து எட்டு வைத்து அளங்கள், ஆனால் எட்டுகளை எட்டுகளாகவே எழுதுங்கள்: "கம்பத்திலிருந்து என் நடையில் 16 எட்டு". அதை மீட்டராக மாற்றி 12.4 என்று எழுதினால் டேப்பில் அளந்தது போலப் பொய்யான துல்லியம் வந்துவிடும், குறுக்கு விசாரணையில் எந்த டேப் என்று கேட்டால் நிற்க முடியாது. மறுநாள் உங்கள் நடையை ஒரு டேப்பில் அளந்து, ஒரு எட்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று தனியாகக் குறித்து வைத்தால் அப்புறம் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வண்டியை நகர்த்தியே ஆக வேண்டும், பஸ் வரிசை நிற்கிறது, டேப்பும் இல்லை என்றால், ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்த்துங்கள். மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கு ஒரு ஆணியோ குச்சியோ அடித்தால் போதும்.

இப்போதெல்லாம் போட்டோ இருக்கிறதே, விபத்து விவரம் பதியும் ஈ-டார் செயலியில் இடம் தானாகப் பதிகிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இரண்டும் நல்லது, இரண்டும் வேண்டும். ஆனால் செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். நம் வழக்கின் கேள்வியே ஒன்றரை மீட்டர். சக்கரம் தாரில் இருந்ததா மண்ணில் இருந்ததா என்று செயலியால் சொல்ல முடியாது. போட்டோவும் தூரத்தைச் சொல்லாது. செல்போன் கேமரா பக்கத்தில் உள்ளதைப் பெரிதாகவும் தள்ளி உள்ளதை இன்னும் தள்ளியும் காட்டும். தூரத்திலிருந்து கம்பமும் வண்டியும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று, நடுவில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று எடுத்து, எந்தப் போட்டோ எங்கே நின்று எடுத்தது என்று கைப்படத்தில் 1, 2, 3 போட்டுவிடுங்கள். இன்னொன்று, போட்டோவை வாட்ஸ்அப்பில் மட்டும் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் போன்ற உள்தகவல் அதில் உதிர்ந்துவிடும். மூலக் கோப்பு இருந்தால்தான் புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கொடுக்கும்போதும் நெஞ்சு நிமிர்த்திக் கொடுக்கலாம்.

நேரத்தைப் பற்றித் தனியாக ஒரு சங்கதி. எதிரே ஒரு கடையில் சிசிடிவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கடிகாரம் சரியாக ஓடும் என்று நம்பாதீர்கள், வாங்கிப் பொருத்தின நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஓடுகிற திரையையும் உங்கள் செல்போன் மணியையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, குறிப்பில் எழுதுங்கள்: "என் செல்போன் 10.48, திரையில் 10.37. திரை 11 நிமிடம் பின்." அதில் மோதல் 9.21க்குத் தெரிகிறது என்றால் உண்மையில் 9.32. மைக்கில் தகவல் வந்தது 9.42, அதோடு பொருந்துகிறது. இந்த ஒரு வரி இல்லை என்றால் விபத்து நடந்து 21 நிமிடம் யாரும் போலீசுக்குச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் டிராக்டரை நகர்த்திவிட்டார்கள் என்று ஒரு கதையே கட்டலாம், கட்டுவார்கள். பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பது ஹார்டு டிஸ்க்கைப் பொறுத்தது, பழையதன் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் கேமரா இருக்கும் கடையை அன்றைக்கே படத்தில் குறித்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

எழுதுவது எதில்? மழைக் காலத்தில் மைப் பேனா கரைந்துவிடும், ஈரக் காகிதத்தில் பால்பாயிண்ட் வழுக்கும், பென்சில் எழுதும். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் பென்சில் வைத்துக்கொள்வது நல்லது. தப்பாக எழுதினால் மேலே மேலே கிறுக்காமல், பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போடுங்கள். ரப்பர் வேண்டாம். அப்புறம் நினைவுக்கு வந்ததை இடையில் செருகாமல், கீழே "இரவு 11.50, ஸ்டேஷனில் நினைவு வந்தது" என்று நேரம் போட்டுச் சேருங்கள். அது பலவீனம் ஆகாது, அந்தக் காகிதத்தை நம்ப வைப்பதே அந்த நேரம்தான்.

இனி கசப்பான பகுதி. "அந்தத் துண்டை வைத்திருந்தால் வக்கீல் கேட்பார், நம் படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் வந்தால் சிக்கல்" என்று சொல்லி, நல்ல பிரதி எழுதினதும் கிழித்துப் போடச் சொல்லும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிக வேண்டிய ஒருவரின் குடும்பத்து வழக்கிலேயே இப்படி ஒரு காகிதம் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். போன காவலர் நன்றாகத்தான் குறித்திருந்தார், அதை நான் கண்ணால் பார்த்தேன். மூன்று வருஷம் கழித்துக் கூண்டில் ஏறியபோது அவருக்குச் சக்கரம் எந்தப் பக்கம் என்பதே நினைவில் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கிடையில் அவர் எத்தனை ஸ்தலத்துக்குப் போயிருப்பார்!

சட்டம் இந்தக் காகிதத்துக்கு எதிரி அல்ல. சாட்சி சொல்லும்போது, சம்பவத்தின்போதோ நினைவு பசுமையாக இருந்தபோதோ தானே எழுதினதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று சாக்ஷ்ய அதிநியத்தின் 162ஆம் பிரிவு அனுமதிக்கிறது, பழைய சட்டத்தில் இது 159. அப்படிப் பார்த்தால் அதை எதிர்த்தரப்பும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், குறுக்கு விசாரணையும் செய்யலாம் என்பதும் உண்மை. பார்க்கட்டுமே. டிரெய்லர் 1.5 மீட்டர் உள்ளே என்று துண்டிலும் இருந்து படத்திலும் இருந்தால் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். துண்டில் 1.5, படத்தில் 2.5 என்று இருந்தால் தவறு படத்தில்தான், அதைக் கோர்ட்டுக்குப் போகும் முன்பே நாமே கண்டுபிடித்துத் திருத்தலாம். சி.டி.யைப் பற்றிச் சொல்லும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 192ஆம் பிரிவே தகவல் வந்த நேரம், விசாரணையைத் தொடங்கி முடித்த நேரம், போய்ப் பார்த்த இடங்கள் இவற்றை அன்றன்றைக்கு எழுதச் சொல்கிறது. ஸ்தலக் குறிப்பு இல்லாமல் அதை வேறு எதைப் பார்த்து எழுதுவது?

2022 ஏப்ரலிலிருந்து விபத்து வழக்குகளில் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை என்று விதி இருக்கிறது. தீர்ப்பாயத்துக்குப் போகும் அந்த விரிவான அறிக்கையை எழுதுகிறவர் பல நேரம் அன்றிரவு ஸ்தலத்தில் நின்றவராக இருக்க மாட்டார். 90 நாளில் அவர் பத்துப் பதினைந்து வழக்கு பார்த்திருப்பார், மாற்றல்கூட ஆகியிருக்கலாம். புதிதாக வருகிறவருக்கு உங்கள் காகிதம் ஒன்றுதான் கண்.

நிலைய எழுத்தர்களிடம் ஒரு வார்த்தை. காவலர் கொண்டுவரும் குறிப்பைத் திருத்தி அழகு பண்ணாதீர்கள். "தெருவிளக்கு இல்லை" என்று அவர் எழுதியிருந்தால், மாதிரி மகஜரில் உள்ள விளக்கு வெளிச்ச வரியை எடுத்துவிடுங்கள், அவர் வரியை எடுக்காதீர்கள். மகஜரில் ஒவ்வொரு எண்ணும் துண்டில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு ஐ.ஓ.விடம் கையெழுத்துக்கு வையுங்கள். துண்டில் இல்லாத எண் மகஜரில் வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பெரிய அதிகாரியாக இருந்தாலும் மரியாதையாகக் கேட்கலாம்.

ஆய்வாளர்களுக்கும் டி.எஸ்.பி.களுக்கும் கடைசியாக ஒன்று. ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் ஒரு 30 மீட்டர் டேப், சாக்பீஸ் டப்பா, இரண்டு பென்சில், ஒரு டார்ச், பக்க எண் போட்ட ஒரு சின்ன நோட்டு வைக்கச் செய்யுங்கள். மாதாந்திர வழக்கு ஆய்வில் விபத்து ஃபைலைத் திறக்கும்போது, மகஜருக்கு முன்னால் "ஸ்தலக் குறிப்பு எங்கேப்பா?" என்று கேளுங்கள். கரும்பு அரவை தொடங்குவதற்கு முன் இதை ஆரம்பித்தால் இந்தப் பருவத்துக்கே உதவும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனாக இருந்து ஓய்வு பெற்ற நிலைய எழுத்தர்,
கடலூர் முதுநகர்